எல்லையும் பயனும்: ஆய்வேட்டு வாய்மொழிப் பரீட்சைக்கு விடை ஆயத்தஞ் செய்யும் முறை

நூலொன்றை இயற்றியவன் அதனை அவையின்கண் வைத்து, வல்லார் வினாவுக்கு விடை கூறி நிலைநாட்டுதல் நம் மொழிக்குப் புதிய வழக்கன்று. நிலந்தரு திருவிற் பாண்டியன் அவையில், அதங்கோட்டாசான் கேட்பத் தொல்காப்பியம் அரங்கேறிற்று என்று அதன் பாயிரம் கூறும். அதற்கு உரை கண்ட நச்சினார்க்கினியர் இதனோடு ஒரு கதையையும் சொல்வர். தொல்காப்பியர்மீது வெகுண்டிருந்த அகத்தியர், அந்நூலைக் கேளற்க என்று அதங்கோட்டாசானுக்குக் கட்டளையிட்டார். தொல்காப்பியரோ கேட்டருள வேண்டுமென்று விடாது வேண்டினார். இருவரையும் மறுக்க இயலாத ஆசான், கேட்கும்போதே குற்றங் கூறிவிடுவோம் என்று துணிந்து அவையில் வினாத் தொடுத்தார். தொடுத்த வினா ஒவ்வொன்றுக்கும் தொல்காப்பியர் குற்றந் தீர விடை கூறினார் என்பது கதை. இஃது உண்மையோ புனைவோ, வாய்மொழிப் பரீட்சையின் இலக்கணம் முழுதும் இதனுள் அடங்கியிருக்கிறது. கேட்பவன் குற்றங் காணவே அமர்ந்திருக்கிறான். விடை கூறுவோன் தன் நூலின் வலிமையை மட்டுமன்றி அதன் எல்லையையும் அறிந்திருத்தல் வேண்டும்.

இன்று நம் பழைய மாணவருட் சிலர் முதுதத்துவமாணி, கலாநிதிப் பட்டங்களுக்கு ஆய்வு செய்கின்றனர். பலாங்கொடைக்கு அண்மையில் பெலிகுல் ஓயாவிலேயே 1996 முதல் சப்ரகமுவப் பல்கலைக்கழகம் இயங்குகிறது. பேராதனைக்கும் கொழும்புக்கும் யாழ்ப்பாணத்துக்கும் செல்வோரும் உளர். ஆய்வேட்டைக் கையளித்தபின் பரீட்சகர் முன்னிலையில் வாய்மொழிப் பரீட்சை நிகழும். ஏட்டை அப்படியே ஏற்றல், சிறு திருத்தங்களோடு ஏற்றல், பெருந் திருத்தஞ் செய்து மீளச் சமர்ப்பிக்கப் பணித்தல், மறுத்தல் என முடிவு இவற்றுள் ஒன்றாக அமையும். பல்கலைக்கழகந்தோறும் விதிகள் சிறிது வேறுபடினும், இரண்டு வினாக்கள் பெரும்பாலும் எங்கும் வரும். “உமது ஆய்வின் மட்டுப்பாடுகள் யாவை?” என்பது ஒன்று. “இவ்வாய்வு அறிவுக்குச் செய்த பங்களிப்பு யாது?” என்பது மற்றொன்று. இவ்விரண்டுக்கும் விடை ஆயத்தஞ் செய்யும் வகையை மட்டுமே இக்கட்டுரை ஆராய்கின்றது.

ஒரு மாணவரின் அனுபவம்

சில ஆண்டுகளுக்கு முன், என்னிடம் தமிழ் கற்ற ஒருவர் மாலைப்பொழுதில் என் வீட்டுக்கு வந்தார். தோட்டத்து லயத்தில் பிறந்து, குடும்பத்தில் முதன்முதல் பட்டம் பெற்றவர். சம்பளமற்ற விடுமுறை பெற்று ஆய்வேடு எழுதியவர். பெருந் திருத்தத்துக்கென அவரது ஏடு திருப்பப்பட்டிருந்தது. இன்னும் ஆறு மாதம் விடுமுறை கேட்டால் வீட்டில் அடுப்பெரியாது என்றார்.

“என்ன கேட்டார்கள்?” என்று வினவினேன்.

“மட்டுப்பாடு எவை என்று கேட்டார்கள், ஐயா. காலமும் பணமும் போதவில்லை, மூன்று தோட்டங்களுக்கு மேல் செல்ல முடியவில்லை என்றேன். பங்களிப்பு என்ன என்றார்கள். இப்பகுதியில் இப்படியோர் ஆய்வு இதுவே முதலாவது என்றேன்.”

இரண்டும் பொய்யல்ல, ஆயின் இரண்டும் விடையுமல்ல. காலமும் பணமும் போதாமை ஆய்வாளனின் வரலாறு. பரீட்சகர் கேட்டதோ ஆய்வு முடிபின் உறுதியைப் பற்றியது. முதலாவது என்பதும் அத்தகையதே. ஒருவரும் செய்யாத செயல்கள் உலகிற் பல உள. அவற்றுட் பல செய்ய வேண்டாதன. எது அறியப்படாதிருந்தது, எது இப்போது அறியப்பட்டது என்று கூறினாலன்றி, முதன்மை பங்களிப்பாகாது.

அன்றிரவே அவர் ஏட்டை இருவரும் விரித்து வைத்துக்கொண்டு அமர்ந்தோம். அதன் அடையாளம் தோன்றாதவாறு பொருளையும் எண்களையும் மாற்றி, ஓர் உதாரணமாக அமைத்து ஈண்டுத் தருகின்றேன்.

உதாரண ஆய்வு

பலாங்கொடைப் பகுதித் தோட்டங்கள் மூன்றிற் பாடப்படும் நாட்டார் பாடல்கள் 84 திரட்டப்பட்டன எனக் கொள்வோம். அவற்றுள் தாலாட்டு 40, ஒப்பாரி 26, தொழிற்பாடல் 18. பாடியோர் 19 பேர். பெரும்பாலார் அறுபது வயது கடந்த பெண்கள். இப்பாடல்களில் சிங்களச் சொற்கள் எங்ஙனம் புகுந்துள்ளன என்பதே ஆய்வுப் பொருள். ‘மாத்தயா’ போன்ற சொற்கள் கணக்கிற் கொள்ளப்பட்டன. ‘பெலிகுல் ஓயா’ போன்ற இடப்பெயர்கள் விலக்கப்பட்டன. தாலாட்டில் 14, தொழிற்பாடலில் 13, ஒப்பாரியில் 4 என 31 பாடல்களிற் சிங்களச் சொற்கள் காணப்பட்டன. தொழிலோடு தொடர்புற்ற பாட்டில் அயற்சொல் தாராளமாகப் புகும். இறப்போடு தொடர்புற்ற ஒப்பாரி அதனை ஏலாது என்பது ஆய்வாளர் கண்ட முடிபு.

மட்டுப்பாட்டு வினா

முதலில் இரண்டு சொற்களைப் பிரித்தறிதல் வேண்டும். ஆய்வாளன் தானே விரும்பி இட்ட வேலி வரையறை எனப்படும். அவன் விரும்பாமலே வந்து வாய்த்த குறை மட்டுப்பாடு எனப்படும். காதற் பாடல்களை ஆராயாமல் விட்டது வரையறை. அதற்குக் காரணம் கூறினாற் போதும். மன்னிப்புக் கேட்க வேண்டுவதில்லை. ஒப்பாரியை இழவு வீட்டிற் பதிவு செய்ய இயலாமல், பின்னொரு நாள் திண்ணையில் இருத்திப் பாடச் சொல்லிப் பதிவு செய்தது மட்டுப்பாடு. வரையறையைக் குறைபோலச் சொல்லி வருந்துவோரும், மட்டுப்பாட்டை வரையறைபோலச் சொல்லி மறைப்போரும் பரீட்சகர் முன் தடுமாறுவர்.

மட்டுப்பாடு ஒவ்வொன்றுக்கும் நான்கு படியில் விடை எழுதிப் பழகுக. குறை யாது என்பது முதற்படி. அது முடிபை எப்பக்கம் இழுக்கும் என்பது இரண்டாம் படி. எம்முடிபை அது தீண்டும், எதனைத் தீண்டாது என்பது மூன்றாம் படி. அதனைச் சோதிக்க யான் செய்தது யாது என்பது நான்காம் படி. பெரும்பாலார் முதற்படியோடு நின்றுவிடுகின்றனர். பரீட்சகர் மதிப்பிடுவது இரண்டாவதும் மூன்றாவதுமாம்.

உதாரணத்துக்கு வருவோம். பாடியோர் முதியோர் என்பது ஒரு மட்டுப்பாடு. முதியோர் இளையோரிலும் குறைவாகவே சிங்களம் பேசுவர் என்று கொண்டால், அயற்சொல் எண்ணிக்கை முழுவதையும் இக்குறை கீழே இழுக்கும். ஆகவே ‘தோட்டப் பாடல்களில் மூன்றிலொன்றுக்கு மேற்பட்டவற்றில் சிங்களச் சொல் உண்டு’ என்று பொதுப்படக் கூறுதல் இயலாது. ஆயின் அதே முதிய பெண்கள்தாம் தொழிற்பாடலும் பாடினர், ஒப்பாரியும் பாடினர். ஒருவரே இருவகையும் பாடியதால், வயதின் இழுப்பு இரண்டின்மீதும் ஒருங்கே விழும். எனவே தொழிற்பாடலுக்கும் ஒப்பாரிக்கும் உள்ள வேறுபாட்டை இம்மட்டுப்பாடு மட்டும் கவிழ்த்துவிடாது. இவ்வாறு விடை கூறுவோன் தன் சான்றின் எடையை அறிந்தவன் என்று பரீட்சகர் உணர்வர்.

அடுத்தது திண்ணையிற் பாடிய ஒப்பாரி. இது சிறு குறைபோலத் தோன்றும். உண்மையில் ஏட்டின் நடுத்தூணையே தீண்டுவது. இழவு வீட்டில் ஒப்பாரி வைக்கும் பெண், இறந்தவரின் வாழ்வையும் சாவையும் அவ்விடத்திலேயே சொல்லாக்கிப் பாடுவாள். எந்த ஆஸ்பத்திரிக்குக் கொண்டு சென்றார்கள், யார் வந்து பார்த்தார்கள், யார் வரவில்லை என்பன அப்போது பாட்டில் ஏறும். நாட்பேச்சின் சொற்கள் நுழையும் வாயில் அதுவே. கேட்டுக்கொண்டதற்கிணங்கத் திண்ணையிற் பாடுங்காலோ, தாயிடமும் பாட்டியிடமும் கேட்டு மனத்திற் பதிந்த பழைய அடிகளே முன்னே வரும். ஆதலின் இம்மட்டுப்பாடு ஒப்பாரியின் எண்ணிக்கையை மட்டும் கீழே இழுக்கும். தொழிற்பாடலை அவ்வளவு தீண்டாது. ஆய்வாளர் கண்ட வேறுபாடு பாட்டின் வகையால் வந்ததோ, பதிவு செய்த முறையால் வந்ததோ என்ற ஐயம் அப்போது எழும்.

இவ்விடத்தில் அவர் முகம் வாடிற்று. “அப்படியானால் என் முடிபே விழுந்துவிட்டதே, ஐயா” என்றார். விழுந்ததோ இல்லையோ என்பதை நான்காம் படியாகிய சோதனையே கூற வேண்டும். ஒப்பாரி 26இல், பாடியவர் தம் சொந்த இழப்புக்குத் தாமே கட்டியவை எத்தனை, முன்னோரிடம் கேட்டவை எத்தனை என்று குறிப்பேட்டைப் புரட்டிப் பிரித்தோம். தாமே கட்டியவை 6, கேட்டவை 20. சிங்களச் சொல் வந்த நான்கினுள் மூன்று, தாமே கட்டிய ஆறினுள் இருந்தன. ஒன்று மட்டுமே கேட்ட இருபதினுள் இருந்தது. அயற்சொல்லைத் தடுத்தது ஒப்பாரி என்னும் வகையன்று, அடியின் பழமையே என்று எண்ண இடமுண்டாயிற்று. புதிதாய்க் கட்டிய அடி அயற்சொல்லை ஏற்கும். வழிவழி வந்த அடி ஏலாது.

முன்னைய முடிபிலும் இது கூரியது. ஆயினும் ஆறு பாடல்கள் சிறு தொகை. ஒரு பாடலிற் கணக்குப் பிசகினாலும் நிலை மாறிவிடும். ஆதலால் இதனை முடிபென்று சொல்லாமல், மேலும் ஆராயத்தக்க குறிப்பென்றே சொல்லுதல் வேண்டும். நூற்குற்றங்கள் பத்தனுள் குன்றக் கூறலையும் மிகைபடக் கூறலையும் நன்னூலார் வைத்தார். குறையைப் பட்டியலாக அடுக்கிவிட்டு அதன் விளைவைச் சொல்லாதொழிதல் குன்றக் கூறல். ஆறு பாடலைக்கொண்டு மலையகம் முழுதுக்கும் விதி வகுத்தல் மிகைபடக் கூறல்.

பங்களிப்பு வினா

இங்குப் புகழ்பெற்ற நூலொன்றை நோக்குதல் நலம் பயக்கும். யாழ்ப்பாணத்துக் கலாநிதி க. கைலாசபதி 1960களில் இங்கிலாந்தின் பர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் ஜோர்ஜ் தொம்சனின் வழிகாட்டலில் ஆய்ந்து எழுதிய ஏடு, தமிழ் வீரநிலைக் கவிதை பற்றிய ஆங்கில நூலாக 1968இல் ஒக்ஸ்போர்டில் வெளிவந்தது. அவரிடம் பரீட்சகர் என்ன கேட்டார் என்பது நம் பொருளன்று. அந்நூலை முன்வைத்து நாமே பரீட்சகராயிருந்து வினாவிப் பார்ப்போம்.

சங்கப் பாடல்களைக் கிரேக்கக் காவியங்களோடு ஒப்பிட்டதே அவர் பங்களிப்பு என்றால், அது போதிய விடையன்று. இரண்டை ஒப்பிடுதல் எவராலும் இயலும். விடையை மூன்று வாக்கியமாக அமைத்துப் பார்க்க. முன்னர் நின்ற நிலை இது: சட்விக் என்னும் அறிஞர் இருவர் பல நாட்டு வீரயுக இலக்கியங்களை ஆராய்ந்திருந்தனர், மில்மன் பரியும் அவர் மாணவர் அல்பேட் லோர்டும் யூகோசிலாவியப் பாடகரைப் பதிவு செய்து, வாய்மொழிக் கவிஞர் வாய்பாடான தொடர்களைக் கொண்டு பாட்டுக் கட்டுவதைக் காட்டியிருந்தனர். இவர் சேர்த்தது இது: சங்கப் பாடல்களிலும் அத்தகைய தொடர்களும் பொருட்கூறுகளும் மீண்டும் மீண்டும் வருதலையும், பாணர் பொருநர் கூத்தர் முதலியோரின் மரபையும் ஒருங்கு வைத்து, அப்பாடல்களை வாய்மொழி மரபின் வழியே விளக்கினார். அதனால் மாறியது இது: சங்க இலக்கியத்தைத் தனித்த புலவரின் எழுத்தாக மட்டும் நோக்கிய பார்வைக்கு மாற்றான பார்வையொன்று உண்டாயிற்று; பின்வந்தோர் அதனை ஏற்றோ மறுத்தோ மேற்செல்ல வேண்டியவராயினர்.

முன்னைய நிலை, சேர்த்தது, மாறியது என்னும் இம்மூன்றுமே பங்களிப்பு வினாவுக்கு உரிய விடையின் எலும்புக்கூடு.

இனி அதே நூலின் எல்லையை வினாவுக. பரியும் லோர்டும் உயிரோடிருந்த பாடகரைக் கேட்டனர். சங்கப் பாடல்களோ ஏட்டின்வழியே நம்மை வந்தடைந்தன. மேலும் அங்குப் பாடப்பட்டவை நெடிய கதைப்பாட்டுகள். இங்குள்ளவற்றுட் பல சில அடிகளே கொண்டவை. மீண்டும் வருந் தொடர் வாய்மொழிக்கு அறிகுறி ஆகலாம். எழுதத் தெரிந்த புலவன் பாணர் மரபைப் பின்பற்றியதற்கும் அறிகுறி ஆகலாம். பின்னையதையே ஜோர்ஜ் ஹார்ட் 1975இல் வெளியிட்ட நூலில் வலியுறுத்தினார். இம்மறுப்பால் கைலாசபதியின் பங்களிப்பு அழிந்துபோயிற்றா எனின், இல்லை. பாணர் மரபே அடித்தளம் என்பதில் இருவரும் பெரிதும் உடன்படுவர். பாடலை இறுதியில் ஆக்கியவன் கை எழுத்தறிந்ததா என்பதிலேதான் வேறுபடுவர். சான்றின் எல்லை எங்கே முடிகிறதோ அங்கேதான் மறுப்புத் தொடங்குகிறது. ஆகவே மட்டுப்பாட்டு வினாவும் பங்களிப்பு வினாவும் ஒரே வேலியை இருபுறமும் நின்று பார்ப்பனவாம். சிறப்புப் பாயிரத்தில் எல்லையையும் பயனையும் ஒருங்கே வைத்தனர் நம் இலக்கணகாரர். அங்கே எல்லை என்பது நூல் வழங்கும் நிலத்தின் எல்லையே. ஆயினும் தன் கூற்று எதுவரை செல்லும் என்று முதலிலேயே சொல்லிவிடும் நேர்மை அதிலும் உண்டு.

பங்களிப்பு எவ்வகையினது என்று தெளிய, நன்னூலார் கூறும் எழுவகை மதங்களை நினைவு கூர்தல் உதவும். பிறர் கொள்கைக்கு உடன்படல், பிறர் கொள்கையை மறுத்தல், முன்னர் உடன்பட்டுப் பின்னர்க் களைதல், தானே ஒன்றை நாட்டி நிறுவுதல், இருவர் மாறுபட்டவிடத்து ஒருபக்கந் துணிதல், பிறர் நூலின் குற்றங் காட்டல், பிறரோடு படாது தன் கொள்கையே கொள்ளல் என்பன அவை. மாணவர் பலர் புதியதொன்றை நாட்டினால் மட்டுமே பங்களிப்பு என்று அஞ்சுகின்றனர். இருவர் மாறுபட்டவிடத்துப் புதிய சான்றோடு ஒருபக்கந் துணிதலும் பங்களிப்பே. பழைய கொள்கையைப் புதிய களத்திற் சோதித்து உடன்படுதலும் பங்களிப்பே. எவ்வகை என்று அறிந்து சொல்லுதலே வேண்டுவது.

உதாரண ஆய்வுக்கு யாம் அன்று எழுதிய விடை இது: “தோட்டப் பாடல்களில் அயற்சொல் புகுவது பாட்டின் வகையைப் பொறுத்தது என்று கருதித் தொடங்கினேன். மூன்று தோட்டத்து 84 பாடல்களில், தொழிற்பாடலில் அது மிகுதியாகவும் ஒப்பாரியில் அருகியும் வருதலைக் கண்டேன். ஒப்பாரியைப் பிரித்து நோக்கியபோது, புதிதாய்க் கட்டியவற்றிலேயே அது பெரும்பாலும் வந்தது. எனவே வகையோடு அடியின் பழமையையும் கணக்கிற் கொள்ளாத எண்ணிக்கை வழிதவறக்கூடும் என்பதே என் பங்களிப்பு. பழமையே காரணம் என்று துணிய என்னிடமுள்ள ஆறு பாடல்கள் போதா.” ஒரு நிமிடத்துக்குள் சொல்லி முடிக்கக்கூடிய விடை இது. தொடங்கிய கருத்தைத் தாமே திருத்திக்கொண்டதை இது மறைக்கவில்லை என்பதையும் நோக்குக.

ஆயத்தஞ் செய்யும் முறை

ஏட்டை மீண்டும் முழுவதும் படித்து, முடிபு என்று கூறிய ஒவ்வொரு வாக்கியத்தின் கீழும் கோடிடுக. ஒவ்வொன்றின் அருகிலும், அதனைத் தாங்கும் அட்டவணை அல்லது சான்றின் பக்க எண்ணை எழுதுக. பக்கம் கிடையாத வாக்கியம் மிகைபடக் கூறியது. அதனைப் பரீட்சகர் கண்டுபிடிக்குமுன் நீரே கண்டுபிடித்தீர். பின்னர் மட்டுப்பாடுகளுள் முடிபை உண்மையில் அசைப்பன மூன்றை மட்டும் தெரிந்து, நான்கு படியிலும் விடை எழுதுக. பத்தினை அடுக்கினால், எது பெரிது என்று அறியாதவர் என்றே எண்ணுவர். பங்களிப்பை மூன்று வாக்கியமாக எழுதுக. எழுதியதை மனனஞ் செய்தல் வேண்டா. வினா சிறிது திரும்பினும் மனனஞ் செய்தது உதவாது. வரிசை நினைவில் நின்றாற் போதும்.

அதன்பின் உம் துறையை அறியாத ஒருவரை எதிரே இருத்தி வினவச் செய்க. “அதனால் என்ன?” என்ற வினாவை அவர் மும்முறை கேட்கட்டும். மூன்றாம் முறையும் விடை எஞ்சியிருப்பின் பங்களிப்பு உண்டு. “இன்னொரு முறை செய்வதாயின் எதனை மாற்றுவீர்?” என்ற வினாவும் பெரும்பாலும் வரும். அது மட்டுப்பாட்டு வினாவின் மாற்றுருவமே. எல்லாவற்றையும் மாற்றுவேன் எனல் ஏட்டைக் கைவிடுதல். எதனையும் மாற்றேன் எனல் கற்றதொன்றுமில்லை எனல். மிகப் பெரிய மட்டுப்பாடு ஒன்றை எடுத்து, அதனை நீக்கும் வழியைச் சொல்லுக. உதாரண ஆய்வாளர், பாடியவரிடமே “இவ்வடி யாரிடம் கேட்டது?” என்று அடிதோறும் கேட்டுப் பதிவு செய்வேன் எனலாம், அதற்கு இழவு வீட்டுக்குள் நுழைய வேண்டுவதுமில்லை.

நான் கூறிய மாணவர் பகலிற் பாடசாலைக்குச் சென்று, இரவில் ஏட்டைத் திருத்தி முடித்தார். இரண்டாம் முறை பரீட்சைக்குச் சென்று திரும்பியபோது பேருந்து நிலையத்திலிருந்தே தொலைபேசியில் அழைத்தார். ஒரு வினாவுக்கு மட்டும் விடை சொல்ல இயலவில்லை என்றார். மற்ற மாவட்டத் தோட்டங்களிலும் இவ்வாறே இருக்குமா என்று கேட்டார்களாம்.

“நீர் என்ன சொன்னீர்?”

“என் சான்று அதுவரை செல்லாது என்றேன், ஐயா.”

அதுவே விடை என்று கூறினேன். சிறு திருத்தங்களோடு அவர் ஏடு ஏற்கப்பட்டது.